வேலையை விடும்போது லீவுக்குக் காசு: கணக்குப் போடுவது எப்படி?

தனியார் நிறுவனத்தில் ராஜினாமா செய்பவர்களுக்கான கணக்கு இது. ஃபைனல் செட்டில்மென்ட் தாள் வந்தபோது நான் வரிசையாகச் சரிபார்த்த முறையையே எழுதுகிறேன்.

முதலில், ஹெச்.ஆர். போர்ட்டலில் இ.எல். மீதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். கடைசி நாளன்று லாகின் போய்விடும். கேஷுவல் லீவு, சிக் லீவு இரண்டுக்கும் பெரும்பாலும் காசு கிடையாது.

அடுத்து ஒரு நாள் சம்பளம். கையில் வாங்கும் முழுச் சம்பளத்தை எடுக்கக்கூடாது. பெரும்பாலான கம்பெனிகளில் பேசிக்கும் டி.ஏ.வும் மட்டும்தான். அதை எத்தனையால் வகுப்பது என்பதில்தான் தொகை மாறுகிறது. சில கம்பெனிகள் 30 வைக்கின்றன, சில வார விடுமுறைகளைக் கழித்து 26 வைக்கின்றன. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 30,000, மீதி லீவு 60 நாள் என்றால், 30-ஆல் வகுத்தால் 60,000 ரூபாய், 26-ஆல் வகுத்தால் 69,231. இது உங்கள் கம்பெனியின் லீவு பாலிசியில் இருக்கும். செட்டில்மென்ட் வருவதற்கு முன்பே மெயிலில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

```
=ROUND(30000/26*60, 0)
```

இனி வரி. என்னை அதிக நேரம் உட்காரவைத்தது இதுதான். வரிவிலக்குக்குக் கடைசி மாதச் சம்பளம் செல்லாது. கடைசி 10 மாதச் சராசரிதான் கணக்கு. செப்டம்பர் 30-இல் விலகுகிறீர்கள், ஏப்ரலில்தான் 27,000-லிருந்து 30,000 ஆனது என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் முதல் மார்ச் வரை 4 மாதம் 27,000, அப்புறம் 6 மாதம் 30,000. சராசரி 28,800.

கையில் வந்த தொகை, 10 மாதச் சராசரிச் சம்பளம், மீதி லீவின் மதிப்பு, 25 லட்சம் ஆகிய நான்கில் எது குறைவோ, அதற்குத்தான் விலக்கு:

```
=MIN(69231, 28800*10, 28800/30*60, 2500000)
```

விடை 57,600. மிச்சம் 11,631 ரூபாய்க்கு வரி உண்டு. மீதி லீவின் மதிப்பைப் பார்க்கும்போது, வேலை பார்த்த முழு ஆண்டு ஒன்றுக்கு 30 நாளுக்கு மேல் லீவு சேர்க்க முடியாது. ஆன்லைன் கால்குலேட்டரை விட லிப்ரே ஆபீஸ் கால்க்கில் இந்த இரண்டு வரியையும் போட்டுப் பார்ப்பதே எனக்குப் பிடிக்கும். எந்த எண் எங்கிருந்து வந்தது என்று கண்ணுக்குத் தெரியும்.

ஃபார்ம் 16-இல் 10(10AA) என்ற வரியில் இந்த விலக்கு வந்திருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ரிட்டர்னில் நீங்களே கோரலாம்.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் இருவர் கேட்டார்கள். வேலையில் இருந்துகொண்டே லீவை விற்றால் விலக்கு இல்லை, முழுத் தொகைக்கும் வரி. 25 லட்சம் வாழ்நாள் வரம்பு. பழைய கம்பெனியில் வாங்கிய விலக்கு அதில் கழியும்.