காலை நடைக்கு ஷூ வாங்கப் போய் என் மச்சான் செய்த தவறுகள்

என் மச்சானுக்கு வயது 46, எடை 78 கிலோ. சுகர் எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன மறுநாளே கடைக்குப் போய், தள்ளுபடியில் கிடந்த ஒரு ஷூவை வாங்கி வந்துவிட்டார். வண்டியூர் கண்மாய்க்கரையில் ஒரு வாரம் நடந்தார். அடுத்த வாரம் மெதுவாக ஓடவும் ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் வலது கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது, கீழ்க்காலின் முன்பக்க எலும்பை ஒட்டி வலி. "மாப்ள, இந்த ஓட்டமெல்லாம் நமக்கு ஆகாது போல" என்றார். ஷூவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன்.

முதல் தவறு டப்பாவிலேயே எழுதியிருந்தது. அது 'ட்ரெய்னிங்' ஷூ. கடைப் பையன் "எல்லாமே ஸ்போர்ட்ஸ் ஷூதான் சார், எதுக்கு வேணா போடலாம்" என்றிருக்கிறான். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வேலை வேறு. ட்ரெய்னிங் ஷூ, அதாவது கிராஸ் ட்ரெய்னிங் ஷூ, ஜிம்முக்கானது. எடை தூக்கும்போது கால் ஆடக்கூடாது என்பதால் அடிப்பாகம் தட்டையாகவும் கெட்டியாகவும் இருக்கும். பக்கவாட்டில் குதித்தாலும் பாதம் வெளியே சரியாதபடி ஓரங்கள் வலுவாக இருக்கும். ரன்னிங் ஷூவோ நேராக முன்னால் போவதற்கென்றே செய்தது. குதிகாலுக்குக் கீழே தடித்த நுரை, முன்பக்கம் சற்று மேல்நோக்கிய வளைவு.

நடக்கும்போது எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கும், அதனால் காலில் இறங்கும் சுமை உடல் எடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஓடும்போது இரண்டு கால்களும் ஒரு கணம் காற்றில் இருந்துவிட்டு, ஒற்றைக் காலில் இறங்குகிறோம். அப்போது எடையைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு விசை விழும். மச்சான் கணக்கில், ஒவ்வொரு எட்டுக்கும் சுமார் 200 கிலோ. அதனால்தான் நடந்த வாரம் அந்தக் கெட்டி ஷூ எதுவும் சொல்லவில்லை, ஓடிய வாரம் சொல்லிவிட்டது. ஆனால் பழி முழுவதையும் ஷூமேல் போட முடியாது. முதல் நாளே மூன்று கிலோமீட்டர் நிற்காமல் ஓடியிருக்கிறார். எவ்வளவு நல்ல ஷூ போட்டாலும் அந்த வலி வந்திருக்கலாம்.

ஒரே ஜோடிதான் வாங்கப் போகிறீர்கள், நடையும் உண்டு, லேசான ஓட்டமும் உண்டு என்றால் ரன்னிங் ஷூ வாங்குங்கள். அதில் தாராளமாக நடக்கலாம். அதையே போட்டுக்கொண்டு ஷட்டில் ஆடப் போகவேண்டாம், உயரமான நுரையில் கணுக்கால் எளிதாகப் பிசகும். கடையில் ஷூவின் நுனியையும் குதியையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் வளையவேண்டும். நட்டநடுவில் மடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நகம் கறுத்ததற்குக் காரணம் வேறு: சைஸ். ஆபீஸ் தோல் ஷூ 7-ஆம் நம்பர் என்பதால் இதையும் 7-லேயே வாங்கியிருந்தார். சுவரில் குதிகாலை ஒட்டி, ஒரு தாளின்மேல் நிற்கவைத்து அளந்தேன். இடது பாதம் 26.4 செ.மீ., வலது 26.8. இரண்டு பாதமும் ஒரே அளவில் இல்லாதது பலருக்கும் சகஜம்தான். அப்புறம் ஷூவுக்குள் இருக்கும் மெத்தைத் தகட்டை வெளியே எடுத்து அளந்தால் 27.1. வலது பெருவிரலுக்கு முன்னால் வெறும் 3 மில்லிமீட்டர்தான் இடம். ஓடும்போது பாதம் விரிந்து ஒவ்வொரு எட்டிலும் சற்று முன்னால் வழுக்கும். ஆயிரக்கணக்கான முறை நகம் போய் முட்டினால் கறுக்காமல் என்ன செய்யும்?

நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம், ஏறக்குறைய ஒரு செ.மீ., இடம் வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளம், அவர்கள் அதை வைத்துப் பார்க்கவேண்டும். நம் ஊர்க் கடைகளில் புழங்கும் யூகே அளவில் ஒரு நம்பர் கூடினால் நீளம் எட்டரை மில்லிமீட்டர் கூடும். மச்சானுக்கு 8-ஆம் நம்பர் சரியாக வந்தது. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், ஆகவே நம்பரை நம்பி ஆன்லைனில் ஆர்டர் போடுவதைவிட கடைக்குப் போவது நல்லது. அதுவும் சாயங்காலம், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், நடக்கும்போது போடும் அதே சாக்ஸோடு.

அகலத்தைப் பலரும் பார்ப்பதில்லை. சின்ன வயதிலிருந்து செருப்போடும் வெறுங்காலோடும் நடந்து விரல் பகுதி விரிந்த பாதம் நம்மில் நிறையப் பேருக்கு. வெளியே எடுத்த அந்தத் தகட்டின்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் ஓரம் தாண்டி வழிந்தால் ஷூ ஒடுக்கம். "போடப்போட லூஸ் ஆயிடும்" என்பார்கள். தோல் ஷூவுக்கு அது ஓரளவு பொருந்தும். ரன்னிங் ஷூ முதல் நாளே சுகமாக இருக்கவேண்டும்.

தட்டைப் பாதம், வளைந்த பாதம் என்று பார்த்து அதற்கென்று தனி ஷூ விற்கிறார்களே என்று கேட்பீர்கள். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இப்படிப் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்துப் பார்த்தார்கள். காயங்கள் குறிப்பிடும்படி குறையவில்லை. ஏற்கெனவே வலியோ கோளாறோ இல்லாதவர்கள் இதற்காகக் கூடுதல் பணம் தரவேண்டியதில்லை. போட்டு நாலு எட்டு ஓடிப் பார்த்து, காலுக்கு எது இதமோ அதை எடுத்தால் போதும்.

சரி, பரணில் கிடக்கும் பழைய ஷூ? அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, நாலு முறைதான் போட்டது, புதுசு மாதிரியே இருக்கிறது என்று எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்புபவர்கள் உண்டு. சில ஷூக்களின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. நம் ஊர் ஈரக்காற்றில் சும்மா கிடந்தாலே அது உள்ளுக்குள் சிதைந்துவிடும். எனக்கே நடந்திருக்கிறது. பாதி வழியில் ஷூவின் அடி மைசூர்பா மாதிரி உதிர்ந்து, மீதித் தூரம் வெறுங்காலோடு வந்தேன். பரணிலிருந்து எடுத்தால் முதலில் அடிப்பாகத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள், பொடியாக வந்தால் குப்பைக்குத்தான். தினமும் போடும் ஷூவுக்கும் ஆயுள் உண்டு, 500 முதல் 800 கிலோமீட்டர் என்பது பொதுவான கணக்கு. நாளுக்கு 3 கி.மீ., வாரம் ஐந்து நாள் போனால் எட்டு மாதம் தாண்டும்போதே நுரை அமுங்கத் தொடங்கியிருக்கும். மேல்பாகம் பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம்.

கடைசியாக, வாக்கிங் சாண்டல். மழை நாளில் நடக்க இதைவிட வசதி இல்லை, நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். குதிகாலுக்குப் பின்னால் வார் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வார் இல்லாவிட்டால் செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் எப்போதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். சாண்டலோடு ஓடவேண்டாம், பாதம் உள்ளே வழுக்கும், ஜல்லி புகுந்துவிடும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கல் குத்தியதே தெரியாமல் புண்ணாகிவிடும். அவர்கள் டாக்டரிடம் காட்டி, எம்சிஆர் எனப்படும் மெத்தென்ற ரப்பர் வைத்த காலணியைக் கேட்டு வாங்கவேண்டும்.

மச்சான் 8-ஆம் நம்பர் ரன்னிங் ஷூ வாங்கிவிட்டார். வலி போகும்வரை பத்து நாள் நடை மட்டும், பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றிமாற்றிப் போகிறார். பழைய ட்ரெய்னிங் ஷூ, அளவு சரியாக இருந்ததால், ஜிம்முக்குப் போகும் அவர் பையனுக்குப் போய்விட்டது. கறுத்த நகம் மட்டும் இன்னும் வளர்ந்து முடியவில்லை.