வெளிநாட்டு மகனுக்கு ஷூ கேட்டு எழுதும் கடிதம்: அப்பாக்கள் அளவெடுத்து எழுதும் முறை

"எனக்கு 8 நம்பர், நடக்க வசதியா ஒண்ணு வாங்கிட்டு வா." பெரும்பாலான அப்பாக்கள் எழுதுவது இவ்வளவுதான். இதில் தப்பு நடப்பது அந்த 8-இல்தான். நம் ஊர்க் கடைகளில் சொல்லும் 8, பிரிட்டிஷ் கணக்கு. அமெரிக்கக் கடையில் ஆண்களுக்கான 8 அதைவிடச் சிறியது. ஒரு கம்பெனியில் அரை நம்பர் வித்தியாசம், இன்னொன்றில் முழு நம்பர். ஒரு முழு நம்பர் என்றால் நீளத்தில் சுமார் 8.5 மில்லிமீட்டர். கட்டைவிரலுக்கு முன்னால் இருக்க வேண்டிய இடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஷூ மயிலாப்பூர் வந்து சேர்வதற்குள் அங்கே திருப்பிக் கொடுக்கும் கெடுவும் பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆகவே கடிதத்தில் வெறும் நம்பர் வேண்டாம், சென்டிமீட்டர் எழுதுங்கள்.

அளவெடுப்பது

மாலை ஐந்து மணிக்கு மேல், கொஞ்சம் நடந்துவிட்டு வந்து அளவெடுங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் காலையில் இருப்பதைவிடச் சற்று வீங்கியிருக்கும். ஷூவோடு போடப்போகும் சாக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு ஏ4 தாளைத் தரையில் வைத்து அதன் குறுகிய ஓரத்தைச் சுவரோடு ஒட்டுங்கள். இங்கே ஒரு சங்கதி. நம் வீடுகளில் சுவரின் அடியில் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் சற்று வெளியே துருத்திக்கொண்டிருக்கும். தாளின் விளிம்பும் குதிகாலும் அந்த டைல்ஸையே தொட வேண்டும். டைல்ஸுக்கு மேல் தாள் மடிந்து ஏறினால் அளவு தவறிவிடும்.

இரண்டு காலிலும் சமமாக எடை போட்டு நில்லுங்கள். குறிப்பது வேறொருவர் வேலை. நீங்களே குனிந்தால் எடை முன்னால் சாய்ந்து கால் நகரும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் காலைச் சுற்றி வரையச் சொல்லுங்கள். உள்பக்கம் சாய்த்தால் கோடு பாதத்துக்கு அடியில் போய்க் கால் சிறியதாகிவிடும். சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். எது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதுவரை அளக்க வேண்டும்.

அகலத்தை, கட்டைவிரல் மூட்டின் வெளிப்புறத்திலிருந்து சுண்டுவிரல் மூட்டின் வெளிப்புறம் வரை எடுங்கள். மரஸ்கேலில் பூஜ்யம் விளிம்பில் தொடங்குகிறதா என்று பாருங்கள். பல ஸ்கேல்களில் சில மில்லிமீட்டர் விட்டுத்தான் கோடு ஆரம்பிக்கும்; விளிம்பை வைத்து அளந்தால் அந்த மில்லிமீட்டர்கள் கணக்கிலிருந்து காணாமல் போகும்.

இரண்டு காலையும் அளந்தே ஆக வேண்டும். ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம்: வலது நீளம் 25.7, இடது 26.1. பெரிய காலுக்குத்தான் ஷூ. 26.1-உடன் விரல் முன்னால் 1 முதல் 1.2 செ.மீ. சேர்த்தால் ஷூவின் உள்நீளம் 27.1 முதல் 27.3 வரை இருக்க வேண்டும்.

தாளை அனுப்புவதில் உள்ள வம்பு

வரைந்த தாளை ஸ்கேன் செய்து அனுப்பலாம், ஆனால் அமெரிக்காவில் சாதாரணமாகப் புழங்கும் தாள் 27.9 செ.மீ. நீளம்தான், நம் ஏ4 29.7. பிரிண்டரில் `Fit to page` என்று இருந்தால் படம் சுருங்கி 26.1 செ.மீ. கால் 24.5 ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்க, வரைபடத்துக்குப் பக்கத்தில் சரியாக 10 செ.மீ. நீளத்தில் ஒரு கோடு போடுங்கள். அங்கே அது 9.4 என்று வந்தால் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடலாம். படம் வந்தாலும் வராவிட்டாலும் எண்கள் கடிதத்தில் இருக்கட்டும்.

தேவையை எழுதுவது

"வசதியாக" என்பதற்குக் கடையில் அர்த்தம் கிடையாது. எங்கே, எவ்வளவு நேரம், எந்தத் தரையில் நடக்கிறீர்கள், எங்கே வலிக்கிறது, எத்தனை தடவை கழற்றி மாட்டுவீர்கள் என்பதை எழுதுங்கள். கோயிலுக்கும் வீட்டுக்குமாக நாளுக்கு ஐந்தாறு முறை கழற்றுகிறவருக்கு லேஸ் கட்டுவது தண்டனை. லேஸ் வைத்த ஷூவை அவிழ்க்காமலே காலைத் திணிப்பார்; குதிகால் பின்பக்கம் மடங்கி நாசமாகும்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போயிருந்தாலோ, மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பைப் போடும்படி டாக்டர் சொல்லியிருந்தாலோ இந்தக் கடிதத்தை எழுதாதீர்கள். கடிப்பது தெரியாத காலுக்குத் தொலைவிலிருந்து ஷூ வாங்குவது ஆபத்து. முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

மாதிரிக் கடிதம்:

> அன்புள்ள தம்பிக்கு,
>
> அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீங்கள் எல்லோரும் அங்கு நலமா?
>
> எனக்கு நடக்க ஒரு ஷூ வேண்டும். தினமும் காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நாற்பது நிமிடம் நடக்கிறேன், திரும்பும்போது கபாலி கோயில். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது வலது குதிகால் குத்துகிறது. கொஞ்சம் நடந்தால் விட்டுவிடும். இடது கட்டைவிரல் மூட்டு வெளியே துருத்தியிருப்பதால் அந்த இடத்தில் தையலோ கெட்டித் துணியோ இருக்கக் கூடாது.
>
> மாலையில் சாக்ஸோடு எடுத்த அளவு: வலது நீளம் 25.7, அகலம் 10.4. இடது நீளம் 26.1, அகலம் 10.6. எல்லாம் சென்டிமீட்டர். இப்போது போடுவது பாட்டா கடை 8. நீளம் சரி, பக்கவாட்டில் பிடிக்கிறது. அதனால் அங்கே 2E என்று போட்ட அகல வகையைப் பார். சாதாரண ஆண்கள் அகலம் D; அது எனக்கு ஆகாது.
>
> லேஸ் வேண்டாம், ஒட்டும் பட்டை போதும். மேல்பாகம் வலைத்துணியாக இருந்தால் ஐப்பசி மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காயும். தரையைத் தொடும் அடிப்பாகம் ரப்பராக, ஈரத்தில் வழுக்காததாக இருக்கட்டும்.
>
> வாங்கியதும் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் அட்டையை உருவித் தட்டையாக வைத்து அள. 27.1-க்குக் குறைந்தால் பெரிதாக மாற்று. பிறகு ஷூவை இரு கையாலும் மடக்கிப் பார். விரல் பக்கம் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் என் குதிகாலுக்கு உதவாது. பின்பக்கக் குதிகால் பகுதி அழுத்தினால் நசுங்கக் கூடாது.
>
> கூரியர் வேண்டாம், நீ தை மாசம் வரும்போது கொண்டு வா. ஒரு ஜோடி போதும். விலையை ரூபாயாக்கிப் பார்த்து அம்மா திட்டுவாள், அதனால் பில்லைக் கொண்டு வராதே.
>
> ஆசீர்வாதங்களுடன்,
> அப்பா

அட்டையை உருவி அளக்கச் சொல்லும் வரிதான் இதில் முக்கியம். பெட்டியின் மேல் இருக்கும் நம்பர் எந்தக் கணக்காக இருந்தாலும் அட்டையின் நீளம் உண்மையைச் சொல்லிவிடும். சில மாடல்களில் அட்டை ஒட்டியிருக்கும், உருவ வராது. அப்படியானால் மகன் வேறு மாடல் பார்ப்பதே நல்லது.

வந்த பிறகு

ஷூ வந்ததும் ஒரு மாலை வீட்டுக்குள்ளேயே அரை மணி நேரம் போட்டு நடங்கள். கழற்றிப் பார்க்கும்போது தோலில் சிவந்த தடம் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் அந்த இடம் இறுக்கம். நீளம் சரியாக இருந்தும் நடக்கையில் குதிகால் மேலே எழும்பினால், கால் உள்ளே வழுக்குகிறது. பட்டையை இன்னும் இறுக்கிப் பாருங்கள்.

ஒரு ஜோடி போதும் என்று எழுதியது சிக்கனத்துக்காக அல்ல. பல ஷூக்களில் அடி ரப்பருக்கு மேலே இருக்கும் மெத்தை பாலியூரித்தேன் நுரை. சென்னைக் காற்றின் ஈரம் அதை மெல்ல உடைக்கும். பெட்டியோடு பீரோவில் பத்திரமாக வைத்த இரண்டாவது ஜோடி, சில வருடம் கழித்து எடுத்துப் போட்ட அன்றே பிஸ்கட் மாதிரி உதிர்ந்து விழும்.