கொசுவத்தி, லிக்விட், க்ரீம், பேட்ச்: எதை எங்கே, எப்போது?

எங்கள் வீடு சென்னையில் பள்ளிக்கரணைப் பக்கம், தரைத்தளம். இதற்கு மேல் கொசு பற்றி நான் அறிமுகம் கொடுக்கத் தேவையில்லை. கடையில் கிடைக்கும் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தாயிற்று. அதில் எது எதற்கு உதவும், எதை எப்படி வைத்தால் வேலை செய்யும் என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். வலை, ஜன்னல் மெஷ் எல்லாம் இந்தப் பதிவில் இல்லை. அவைதான் முதலில் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

படி 1: எப்போது கடிக்கிறது என்று பாருங்கள்

காசு செலவழிக்கும் முன் இதை இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். பகலில், அதிலும் காலையில் விடிந்த பின்னும் சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பும், கணுக்காலிலும் காலின் பின்பக்கத்திலும் சத்தமில்லாமல் கடித்தால் அது பெரும்பாலும் ஏடிஸ். காலில் வெள்ளை வரி இருக்கும். டெங்குவைப் பரப்புவது இதுதான். இது சாக்கடையில் வளர்வதில்லை. வீட்டுக்குள்ளேயே, ஃப்ரிட்ஜின் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, மூடாத வாளி போன்றவற்றில் வளரும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் அந்தத் தட்டை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். சும்மா தண்ணீரைக் கொட்டினால் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

ராத்திரி காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் க்யூலெக்ஸ். சாக்கடை, தேங்கிய கழிவுநீர் இதன் ஊர்.

இதை ஏன் முதலில் வைத்தேன் என்றால், நம்மில் பலரும் லிக்விட் மெஷினை ராத்திரி படுக்கும்போதுதான் போடுகிறோம். டெங்குக் கொசுவோ அதற்குள் தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும். பகல்கடி இருக்கும் வீட்டில் மெஷின் ஓட வேண்டியது காலையிலும் நாலு மணிக்கு மேலும். பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் அறையில்.

படி 2: லிக்விட் மெஷினைச் சரியாக வையுங்கள்

அறைக்குள் என்றால் என் தேர்வு இதுதான். ஆனால் "போட்டும் கொசு போகவில்லை" என்ற புகார் அதிகம் வருவதும் இதில்தான். எங்களையும் இதுதான் கொஞ்ச நாள் சுற்றவிட்டது. அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பாட்டிலில் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. லேபிளில் டிரான்ஸ்ஃப்ளூத்ரின் அல்லது ப்ராலெத்ரின் என்று இருக்கும். திரி அதை உறிஞ்சி மேலே கொண்டுவரும், மெஷினில் உள்ள சின்ன வளையம் திரியின் நுனியைச் சூடாக்கும், மருந்து ஆவியாகி அறையில் பரவும். கொசுவின் நரம்பைத் தாக்குவதால் அது விழும், அல்லது கடிக்கத் தோன்றாமல் திசை தெரியாமல் திரியும். எனவே தரையில் செத்த கொசுவை எண்ணிப் பார்ப்பது சரியான சோதனை இல்லை. கடி குறைகிறதா என்று பாருங்கள்.

முதலில் ப்ளக் பாயிண்ட். நம் வீடுகளில் பாயிண்ட் பெரும்பாலும் கட்டிலுக்குப் பின்னால், திரைச்சீலைக்கு அடியில்தான் இருக்கும். அங்கே செருகினால் ஆவி திரையிலேயே நின்றுவிடும், துணியும் மெஷினும் ஒட்டிக்கொண்டிருப்பதும் நல்லதில்லை. சரி என்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துத் தரையில் போட்டு அதில் செருகுவோம். அப்போது பாட்டில் படுத்துக்கொள்ளும். திரி வழியாக மருந்து கசிந்து மெஷினுக்குள் இறங்கும், சூடும் ஒழுங்காக ஏறாது. பாட்டில் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும். பாயிண்ட் பக்கவாட்டில் இருந்தால், ப்ளக்கின் பின்னைச் சுழற்றும்படி செய்த மெஷின் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். என் தேர்வு: கொசு உள்ளே வரும் ஜன்னலுக்கு அருகே, தலைமாட்டிலிருந்து தள்ளி, முன்னால் எதுவும் மறைக்காத இடம்.

அடுத்து, பழைய மெஷினில் வேறு கம்பெனி ரீஃபிலைச் செருகாதீர்கள். பாட்டில் திருகி உட்கார்ந்துவிடும், ஆனால் திரியின் நுனி வளையத்துக்குள் சரியான உயரத்தில் நிற்காது. பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், சிவப்பு விளக்கும் எரியும், மருந்து மட்டும் ஏறாது.

வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள சுலபமான வழி ஒன்று உண்டு. புது பாட்டிலில் மருந்து நிற்கும் மட்டத்தை மார்க்கரில் கோடு போட்டு வையுங்கள். உதாரணமாக, 45 மில்லி பாட்டில், இரவுக்கு 8 மணி நேரம் வீதம் 45 இரவுக்கு வரும் என்று லேபிள் சொன்னால், ஓர் இரவுக்கு 1 மில்லி. பத்து இரவு கழித்துக் கிட்டத்தட்ட கால் பங்கு இறங்கியிருக்க வேண்டும். கோடு அப்படியே இருந்தால் மெஷின் சூடாகவில்லை, அல்லது திரி அடைத்துவிட்டது. நுனி கறுத்துக் கட்டியாக இருந்தால் ரீஃபிலையே மாற்றுங்கள், திரியைச் சுரண்டாதீர்கள். மட்டம் வேகமாக இறங்கினால் யாரோ பகலெல்லாம் ஸ்விட்சை அணைக்காமல் விடுகிறார்கள். எங்கள் வீட்டில் யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

மட்டம் சரியாக இறங்கியும் கடி குறையவில்லை என்றால், உங்கள் பகுதிக் கொசு பைரித்ராய்டுக்குப் பழகியிருக்கலாம். இன்னொரு கம்பெனி லிக்விடுக்கு மாறிப் பயனில்லை, உள்ளே அதே வகை மருந்துதான். அந்த இடத்தில் வலைக்கும் க்ரீமுக்கும் போய்விடுவது நல்லது.

நான் போடும் முறை: படுப்பதற்கு அரை மணி முன்பே, ஆள் இல்லாத அறையில், கதவைச் சாத்தி ஃபுல்லில் ஓடவிடுவேன். படுக்கப் போகும்போது லோவுக்கு மாற்றி, மெஷ் போட்ட ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பேன். ஏசி போட்டு மூடிய அறையில் ராத்திரி முழுக்க ஓடவிடுவது எனக்குச் சம்மதமில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தை இருக்கும் அறை என்றால் மெஷினே வேண்டாம், வலை போதும்.

படி 3: கொசுவத்தி வாசலோடு நிற்கட்டும்

கொசுவத்தியில் மருந்து நூற்றுக்கு ஒரு பங்குகூட இருக்காது. மீதியெல்லாம் எரிவதற்கான மரத்தூள், தேங்காய் ஓட்டுத்தூள், பசை. கொசுவை விரட்டுவது புகை என்று நினைக்கிறோம். மருந்து ஆவியாவது கங்குக்குச் சற்றுப் பின்னால், சூடேறிய ஆனால் இன்னும் எரியாத பகுதியிலிருந்து. புகை கூடவே வரும் தொல்லை. அந்தத் தொல்லையும் சின்னதில்லை: 2003இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள்.

"புகையில்லாத" சுருள் வாங்கினால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். துகள் குறைகிறது, கார்பன் மோனாக்ஸைடு அதிகமாக வருகிறது. அது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது.

திண்ணை, மொட்டை மாடி, கடை வாசல் என்றால் கொளுத்துங்கள். தகர ஸ்டாண்டில் குத்தி, கீழே பழைய எவர்சில்வர் தட்டு வைத்து, காற்று வரும் பக்கம் வையுங்கள். பாய், போர்வை, பேப்பர் அருகே வேண்டாம்.

படி 4: வெளியே போகும்போது க்ரீம்

பள்ளி, விளையாட்டு மைதானம், சாயங்கால வாக்கிங் எல்லாவற்றுக்கும் க்ரீம்தான். ட்யூபின் முன்னால் இருக்கும் படத்தைப் பார்க்காமல் பின்னால் மருந்தின் பெயரைப் பாருங்கள். நம் கடைகளில் அதிகம் கிடைப்பது டைஎத்தில் பென்ஸமைடு 12 சதவீதம். டீட், பிகாரிடின் இருந்தாலும் நல்லது. வெறும் சிட்ரனெல்லா எண்ணெய், வேப்பெண்ணெய் என்று மட்டும் இருந்தால் வாசனைக்குப் பூசிக்கொள்ளலாம், சீக்கிரம் அடங்கிவிடும்.

க்ரீம் பூசிய இடத்தை மட்டுமே காக்கும். முழங்கையில் பூசிவிட்டுக் கணுக்காலை விட்டால் ஏடிஸ் நேரே கணுக்காலுக்கு வரும். செருப்பு வாருக்கு இடையில், சாக்ஸுக்கு மேல் விளிம்பில், முழங்காலின் பின்பக்கம் பூசுங்கள். சட்டைக்குள் பூச வேண்டாம். நம் ஊர் வியர்வையில் லேபிளில் சொன்ன நேரம் தாங்காது, விளையாடும் பிள்ளைக்கு இடையில் மறுபடி பூச வேண்டியிருக்கும். சன்ஸ்க்ரீனும் போடுவதாக இருந்தால் அது முதலில், கொசு க்ரீம் அதன் மேல்.

குழந்தைக்கு நீங்கள் உங்கள் கையில் எடுத்துப் பூசிவிடுங்கள். அவர்கள் உள்ளங்கையில் பூசக் கூடாது, அது நேராக வாய்க்கும் கண்ணுக்கும் போகும். இரண்டு மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்கு எந்த க்ரீமும் வேண்டாம். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். டீட் இருந்தால் மூக்குக்கண்ணாடி ஃப்ரேம், வாட்ச் ஸ்ட்ராப்பில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

பேட்ச், வளையல்

இதற்குப் படி எண்கூட கொடுக்கவில்லை. பொம்மைப் படம் போட்ட ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டினால் சிட்ரனெல்லா வாசனை ஒரு சாண் தூரம் வரும், கொசு காலில் கடிக்கும். 2002இல் அமெரிக்காவில் ஆட்களின் கையைக் கொசுக் கூண்டுக்குள் விட்டுச் சோதித்தார்கள். சுமார் 24 சதவீத டீட் ஐந்து மணி நேரம் தாங்கியது. மருந்து தோய்த்த கைப்பட்டை அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. சின்னக் குழந்தை ஸ்டிக்கரைப் பிய்த்து வாயில் போடுவது வேறு.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

ரயில்வே ஸ்டேஷன் வாசலில் விற்கும் கொசு ஊதுபத்தி பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். "ஒரே பத்தியில் எல்லாம் காலி" என்பது உண்மையாகவே இருக்கலாம், அதனால்தான் பயப்பட வேண்டும். பூச்சிக்கொல்லி எதுவானாலும் பெட்டியில் சி.ஐ.ஆர். என்று தொடங்கும் பதிவு எண்ணும், மருந்தின் பெயரும் சதவீதமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே என்ன, எவ்வளவு என்று விற்பவருக்கே தெரியாது.

குழந்தை ரீஃபிலைக் குடித்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு சகோதரி கேட்டார். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். லிக்விடில் மருந்தைக் கரைத்திருப்பது மண்ணெண்ணெய் வகை எண்ணெய். வாந்தியில் அது மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரல் கெடும். 108க்கு அழையுங்கள், பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள், டாக்டர் லேபிளைப் பார்க்க வேண்டும். மாற்று ரீஃபிலை டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் வைக்கும் பழக்கம் பல வீட்டில் உண்டு, இன்றே மேலே ஏற்றிவிடுங்கள்.

கடைசியாக மீன் தொட்டி. பைரித்ராய்டு மீனுக்கு மிகச் சிறிய அளவிலேயே விஷம். தொட்டி இருக்கும் அறையில் லிக்விடும் வேண்டாம், வத்தியும் வேண்டாம். மூடி போட்டிருக்கிறேனே என்று ஒருவர் கேட்டார். மூடி போட்டாலும், குமிழி விடும் ஏர் பம்ப் அறையின் காற்றைத்தானே இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது?