பெட்டிக்கும் துண்டுக்கும் ஒரே பார்கோடு

கரூரிலிருந்து வாங்கி ஒரு பெரிய சில்லறைச் சங்கிலிக்கு அனுப்பிய துண்டுகளில், 24 இருந்த பெட்டி ஒவ்வொன்றும் அவர்கள் கிடங்கில் ஒரே துண்டாகப் பதிவானது. காரணம், துண்டில் இருந்த 13 இலக்க பார்கோடையே சப்ளையர் பெட்டியிலும் ஒட்டியிருந்தார். ஸ்கேனர் படிப்பது எண்ணை மட்டும்தானே.

பெட்டிக்குத் தனியாக 14 இலக்க எண் வேண்டும் என்று சொன்னேன். அவர் பழைய எண்ணுக்கு முன்னால் 1 சேர்த்து மாதிரி அனுப்பினார். அது சரிபார்ப்பில் தேறவில்லை. முன்னால் ஓர் இலக்கம் வந்தால் கடைசிச் சரிபார்ப்பு இலக்கமும் மாறும். உதாரணமாக, துண்டின் எண் 8901234567890 என்றால் பெட்டிக்கு 18901234567897.

அப்புறம் நானே எண்களைக் கணக்கிட்டு, துண்டு எண், பெட்டி எண், பெட்டிக்கு எத்தனை என்று எக்செல் தாளில் அனுப்பினேன். கூடவே இப்படி எழுதினேன்: "அண்ணே, லேபிளைப் பெட்டியின் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் ஒட்டுங்க. கோடுகளின் அடி, பெட்டியின் அடியிலிருந்து 32 மில்லிமீட்டர் மேலே இருக்கட்டும். மூலையில் மடங்கக் கூடாது, மேலே பளபளப்பான டேப் வேண்டாம். முதல் பெட்டியின் போட்டோ பார்த்த பிறகு மீதியை ஒட்டலாம்."

போட்டோவில் இருந்த லேபிளை என் போனில் ஸ்கேன் செய்து, எண்ணைத் தாளோடு ஒப்பிட்டுச் சரி சொன்னேன். அடுத்த சரக்கு 24, 24 ஆகவே பதிவானது.