குடும்பக் குரூப்பில் குட் மார்னிங் படங்கள்: பதில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம்ம ஊர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெரியம்மா கடலூர் மஞ்சக்குப்பத்தில், அவர் தங்கை புதுச்சேரி முத்தியால்பேட்டையில், தங்கை மகன் பாரிசில். காலை ஆறு மணிக்குப் பெரியம்மா குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் குட் மார்னிங் படம் போடுவார். செவ்வாய் என்றால் முருகன், வெள்ளி என்றால் அம்மன், சனி என்றால் பெருமாள். பாரிசில் அப்போது குளிர்காலமாக இருந்தால் நள்ளிரவு ஒன்றரை மணி. பையனின் போன் அந்த நேரத்தில் சிணுங்கும்.

படம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கோயில் குரூப், வாக்கிங் குரூப், ரிட்டயர்டு ஆனவர்களின் குரூப். போனில் தமிழ் டைப் பண்ணக் கஷ்டப்படுகிறவர்களுக்கு, "எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன், உங்களை நினைத்தேன்" என்று சொல்ல ஒரு படம் போதும். ஒரே படம் ஐந்து முறையோ அதற்கு மேலோ கைமாறிவிட்டால் வாட்ஸ்அப் அதற்கு இரட்டை அம்புக்குறி போடும். 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்ட படத்தை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டுமே அனுப்ப முடியும். அதாவது இரட்டை அம்புக்குறியோடு நம் குரூப்புக்கு ஒரு படம் வந்தால், அனுப்பியவர் பெரும்பாலும் நம் குரூப்பைத் தேடித் தொட்டுத்தான் அனுப்பியிருப்பார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அப்படிப்பட்ட ஒரு காலையில் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த முருகன் படம் வந்தால், வீட்டில் ஆள் பத்திரம், போனில் சார்ஜ் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதை மறந்து செய்கிற பெரிய தவறு, பொதுவில் புத்தி சொல்வது. "தயவுசெய்து இந்தப் படங்களைப் போடாதீர்கள், மெமரி நிறைகிறது" என்று குரூப்பிலேயே எழுதினால் என்ன ஆகும்? மனசில் படுகிறவர்தான் நிறுத்துவார், கண்டுகொள்ளாதவர் தொடர்ந்து போடுவார். பெரியம்மா படத்தோடு சேர்த்து மற்றதையும் நிறுத்திவிடுவார்; பெரியப்பாவின் சுகர் ரிப்போர்ட் கூட அப்புறம் நமக்கு வராது.

குரூப்பை விட்டு வெளியேறுவதும் அப்படித்தான். இப்போது அறிவிப்பு அட்மினுக்கு மட்டும்தான் போகிறது, உண்மை. ஆனால் வெளியேறியவர்கள் பட்டியலை 60 நாள் வரை யாரும் பார்க்கலாம்.

சிலர் அட்மினிடம் சொல்லி, செய்திகள் தானாக மறையும் வசதியைப் போட்டுவிடுகிறார்கள். குட் மார்னிங் படத்தோடு கல்யாணப் பத்திரிகையும் குழந்தை போட்டோவும் சேர்ந்து போய்விடும். வேண்டாம்.

பாரிஸ் பையன் செய்ய வேண்டியது எல்லாம் அவன் போனிலேயே இருக்கிறது. குரூப்பை Mute notifications போய் Always என்று வைக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆண்ட்ராய்டில் Media visibility-ஐ No ஆக்கினால் புதிதாக வரும் படங்கள் கேலரியில் சேராது. பழையவை அப்படியே இருக்கும். இது கேலரியில் காட்டாமல் வைக்குமே தவிர, இறங்குவதை நிறுத்தாது. இடம் மிச்சமாக வேண்டும் என்றால் Storage and data-வில் Media auto-download-க்குள் Photos டிக்கை எடுக்க வேண்டும். இது எல்லா சாட்டுக்கும் பொருந்தும் என்பதால் ஆபீஸ் படங்களையும் தொட்டுத்தான் இறக்க வேண்டியிருக்கும்.

மியூட் பண்ணிவிட்டுக் குரூப்பையே திறக்காமல் விடுவது அடுத்த தவறு. அனுப்பியவர் தன் படத்தை அழுத்தி, யார் பார்த்தார்கள் என்று பார்க்க முடியும். நீல டிக்கை நாம் அணைத்து வைத்திருந்தாலும் குரூப்பில் அது வேலை செய்யாது. நாளுக்கு ஒரு தடவை திறந்து, பெரியம்மா படத்தின் மேல் ஒரு கைகூப்பு ரியாக்‌ஷன் வைத்தால் போதும். அது தனிச் செய்தியாக விழாது. பதிலுக்கு நாமும் ஒரு படம் போட்டால், பத்துப் பேரும் அதையே செய்து, பத்து படம் நூறாகும். வாரத்தில் ஒரு நாள் தனியாக, "பெரியம்மா, முட்டி வலி பரவாயில்லையா? சாயந்திரம் கூப்பிடறேன்" என்று எழுதினால் அவருக்கு அதுதான் நிறைவு. "அவசரம்னா குரூப்ல போடாதீங்க, நேரா போன் பண்ணுங்க, ராத்திரியானாலும் எடுப்பேன்" என்றும் அப்போதே சொல்லிவிடலாம்.

உண்மையில் அதிகம் நிறைவது பெரியம்மாவின் போன்தான். ஆண்ட்ராய்டில் அவர் கேலரியிலிருந்து அனுப்பிய படங்களும் தனி ஃபோல்டரில் சேர்ந்துகொண்டே இருக்கும். ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து Manage storage-ஐத் திறந்து அவரோடு சேர்ந்தே அழியுங்கள். பேரப்பிள்ளைகளின் படங்கள் அதே குவியலில்தான் இருக்கும், அவற்றை முதலில் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியைத் தொடுங்கள்.