நடுவர்களின் ஒலிப்பதிவிலிருந்து ஒவ்வொரு பாடகருக்கும் நிறை, குறை, அறிவுரை எழுதும் முறை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் கர்நாடக இசைத் தேர்வொன்றில், ஒவ்வொரு பாடகரும் பாடி முடித்ததும் மூன்று நடுவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து, அதைச் சுருக்கி எழுதிக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. புதிதாக இதைச் செய்ய வருபவர்களுக்காக, ஏழாம் எண் பாடகியின் பதிவை எடுத்துக்கொண்டு முறையை விளக்குகிறேன். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் மோகன ராக வர்ணத்தை இரண்டு காலங்களில் அவர் பாடினார்.

முதல் படி, பதிவு தொடங்கும்போதே பாடகரின் எண்ணை உரக்கச் சொல்லிவிடுவது. நடுவர்கள் பெயர் சொல்லிப் பேசமாட்டார்கள். "அந்தப் பிள்ளை" என்றுதான் சொல்வார்கள், சில வேளைகளில் முன்னர் பாடியவரையும் அப்படியே குறிப்பிடுவார்கள். ஆறாம் எண்ணுக்குரிய அறிவுரையை ஏழாம் எண்ணின் தாளில் நான் ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தச் சிறுமி தன்னிடம் இல்லாத குறையைத் திருத்த ஒரு மாதம் உழைத்திருக்கிறாள் என்று பின்னர் தெரிந்தபோது மிகவும் வருந்தினேன்.

இரண்டாம் படியில், நிறை குறை என்று எதையும் பிரிக்காமல், சொன்னதைச் சொன்னபடியே நேரத்துடன் எழுதிக்கொள்ள வேண்டும். நான் எழுதியது இது:

2:10 பாடகி நடுவர்: "குரல் கணீர்னு இருக்கும்மா. ஆனா மேல போறப்போ நிஷாதம் கேட்குது."
2:35 மிருதங்க நடுவர்: "ரெண்டாம் காலத்துல ஓடிட்டா. கையப் பார்த்தேன், தாளமே போடல."
3:02 வயலின் நடுவர்: "போலே தஹான். மேல கத்துற மாதிரி இருக்கு, கொஞ்சம் இறக்கிப் பாடலாம்."
3:15 பாடகி நடுவர்: "சுருதி சரியாத்தான் இருந்துச்சு."

மூன்றாம் படிதான் கவனம் மிகுதியாகத் தேவைப்படும் இடம். ஒரே வாக்கியத்தில் நிறையும் குறையும் சேர்ந்து வருவதால், 2:10இல் உள்ளதை இரண்டாக வெட்டி, கணீரென்ற குரலை நிறையிலும் நிஷாதத்தைக் குறையிலும் வைக்கிறோம். மோகனத்தில் மத்திமமும் நிஷாதமும் கிடையாது என்பதால், தைவதத்திலிருந்து மேல் சட்ஜத்துக்கு ஏறும்போது நிஷாதம் கேட்டால் அது ராகப் பிழை. ஆகவே "ஸ்வரம் தவறுகிறது" என்று பொதுவாக எழுதாமல், எந்த ஸ்வரம், எந்த இடத்தில் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். "போலே தஹான்" என்ற மலாய்த் தொடருக்கு நம் ஊர்ப் பேச்சில் "பரவாயில்லை" என்பதுதான் பொருள். அதை "சிறப்பாகப் பாடினார்" என்று உயர்த்தி எழுதினால் நடுவர் சொல்லாத பாராட்டை நாமே கொடுத்தவர்களாவோம்.

குறையையும் அறிவுரையையும் பிரிப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். நடந்ததைச் சொன்னால் அது குறை. இனிச் செய்யவேண்டியதைச் சொன்னால் அறிவுரை. மிருதங்க நடுவர் சொன்ன இரண்டும் குறைகளே. ஆனால் தாளம் போடாததைக் காலம் ஓடியதற்குக் காரணமாகத்தான் அவர் சொல்கிறார் என்பது தெளிவாகக் கேட்கிறது. எனவே "இரண்டாம் காலத்தைக் கையால் தாளம் போட்டுப் பயில வேண்டும்" என்று அறிவுரையில் எழுதி, பக்கத்தில் "குறிப்பிலிருந்து பெறப்பட்டது" என்று குறித்துக்கொள்ளலாம். நிஷாதத்துக்கு எந்தப் பயிற்சியையும் யாரும் சொல்லவில்லை, சொல்லாததை நாம் சேர்க்கக்கூடாது. அந்த இடத்தைக் காலியாகவே விட்டு நடுவரிடம் கேட்பதே நேர்மையானது.

நான்காம் படி, முரண்பாடு. 3:02ஐயும் 3:15ஐயும் சேர்த்துப் படித்தால், ஐந்தரைக் கட்டை பாடகிக்கு அதிகம் என்று ஒரு நடுவரும், அப்படியில்லை என்று மற்றவரும் வாதிடுவதுபோல் தோன்றும். இரண்டு கருத்துகளையும் கலந்து "சுருதியைச் சற்றே குறைக்கலாம்" என்று எழுதிவிடத்தான் கை துடிக்கும். அப்படிச் செய்யாமல், "இறக்கி" என்ற சொல் சுருதியைக் குறிக்கிறதா, குரலின் அழுத்தத்தைக் குறிக்கிறதா என்று வயலின் நடுவரிடமே கேட்டேன். மேல் ஸ்தாயியில் குரலை அழுத்திக் கொடுக்க வேண்டாம் என்பதைத்தான் சொன்னதாகவும், சுருதியைப் பற்றித் தாம் பேசவே இல்லை என்றும் அவர் விளக்கினார். நிஷாதத்தைப் பற்றிக் கேட்டதற்குப் பாடகி நடுவர், "தைவதத்துல நின்னு, அப்புறம் நேரா சட்ஜத்தப் பிடிக்கச் சொல்லுங்க" என்றார்.

பாடகியின் கைக்குச் சென்ற தாள் இப்படி இருந்தது:

நிறை: குரல் கணீரென்று இருக்கிறது; சுருதி சரியாக இருந்தது.
குறை: மேல் சட்ஜத்துக்கு ஏறும்போது நிஷாதம் கேட்கிறது, தாளம் போடாததால் இரண்டாம் காலம் ஓடுகிறது, மேல் ஸ்தாயியில் குரல் கத்துவதுபோல் ஒலிக்கிறது.
அறிவுரை: தைவதத்தில் நின்று நேராகச் சட்ஜத்தைப் பிடிக்கவும், இரண்டாம் காலத்தைத் தாளம் போட்டுப் பயிலவும், மேல் ஸ்தாயியில் குரலின் அழுத்தத்தைக் குறைக்கவும்.