ஒரு தேடலுக்கு 24 வட்டு வாசிப்பு

1 கோடி சாவிகளைச் சிவப்பு-கருப்பு இரும மரமாக ஹார்ட் டிஸ்க் கோப்பில் வைத்திருந்தேன். மெமரியில் பறந்தது; சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் ஒவ்வொரு தேடலும் இழுத்தது. மரத்தைச் சீராக்கினேன், கணுவை 32 பைட்டாகச் சுருக்கினேன். பலனில்லை.

அப்புறம் `/proc/PID/io` பார்த்தேன். நிரல் கேட்ட பைட்டுகளான `rchar`-ஐவிட, வட்டிலிருந்து உண்மையில் எடுத்த பைட்டுகளான `read_bytes` 100 மடங்குக்கு மேல்! 32 பைட் கேட்டாலும் கர்னல் 4096 பைட் பக்கத்தையே எடுக்கிறது. மரத்தின் உயரம் சுமார் 24. கிட்டத்தட்ட ஒவ்வொரு படிக்கும் வட்டில் வேறொரு இடம்.

சரி, எடுக்கும் பக்கத்தை நிரப்பிவிடலாம் என்று, ஒரே கணுவில் பல சாவிகளை அடுக்கும் பி-பிளஸ் மரத்துக்கு மாறினேன். 8 பைட் சாவி, 8 பைட் சுட்டி என்றால் பக்கத்துக்குச் சுமார் 250 சாவிகள். பக்கங்கள் நிரம்பியிருந்தால் மூன்றே நிலைகள். மேல் இரண்டும் சேர்ந்து 1 எம்பிக்கும் குறைவுதான், மெமரியிலேயே தங்கிவிடுகின்றன. இப்போது தேடலுக்கு ஒரே வட்டு வாசிப்பு. நிம்மதி.